பின்சுவர் சரியும் நிலையில் இருக்கிறது: மேல்கேட் சாவி இன்றே வேண்டும்

குன்னூர்
நவம்பர் 5, புதன், காலை 7 மணி

அன்புள்ள ராஜு அண்ணா,

வணக்கம். உங்கள் அண்ணன் வீட்டில் கீழ்ப்பகுதியில் குடியிருக்கும் மலர்விழி எழுதுகிறேன். போன பொங்கலுக்கு நீங்கள் மேட்டுப்பாளையத்திலிருந்து வந்தபோது வாசலில் நின்று பேசியிருக்கிறோம். ஐயாவும் அக்காவும் காசிக்குப் புறப்பட்ட நாளிலிருந்து அவர்கள் கைப்பேசி அணைந்தே இருக்கிறது. திங்கள்கிழமை முதல் பதினொரு முறை அழைத்துவிட்டேன். வாட்ஸ்அப்பில் அனுப்பிய படங்களும் போய்ச் சேரவில்லை. ஊருக்குப் போகும்போது, "அவசரமென்றால் தம்பியிடம் சொல்" என்று ஐயா சொன்னார். அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

சமையலறைக்குப் பின்னால், மூன்றடி தள்ளி நிற்கும் கருங்கல் தடுப்புச் சுவர் வயிறு தள்ளிவிட்டது. ஞாயிறு இரவிலிருந்து மழை விடவில்லை. திங்கள் காலை பாத்திரம் கழுவும்போதுதான் கவனித்தேன். வழக்கமாகக் கல்லிடுக்கில் தெளிந்த தண்ணீர் கசியும். அன்று செம்மண் கலங்கி, தேநீர் நிறத்தில் வந்தது. சுவரின் நடுவே மேலிருந்து கீழாக ஒரு வெடிப்பு. அதில் ஒரு ரூபாய் நாணயம் நுழைந்தது. நேற்று மாலை தீப்பெட்டியைக் குறுக்காக நீட்டினேன், அதுவும் உள்ளே போயிற்று. கை நடுங்கி அதை அங்கேயே விட்டுவிட்டு வந்துவிட்டேன்.

பக்கத்துத் தெரு மேஸ்திரியை அழைத்துக் காட்டினேன். போன ஆண்டு சுவருக்குச் சிமெண்டுப் பூச்சு போட்டபோது, நீர் வடியும் துளைகளையும் சேர்த்துப் பூசிவிட்டார்கள் என்கிறார். மண்ணுக்குள் இறங்கும் தண்ணீருக்கு வெளியேற வழியில்லை. ஈரமண்ணின் பாரம் முழுவதும் கல்லின் முதுகில் இருக்கிறது. "கீழே நின்று சுவரைத் தொடவே கூடாது. முதலில் மேலே வரும் தண்ணீரைத் திருப்புங்கள்" என்று கண்டிப்பாகச் சொன்னார்.

மேலே இருக்கும் வாய்க்கால் உண்ணிச்செடியும் சருகும் மண்டி அடைத்துக் கிடக்கிறது. மழைநீர் சாலைப் பக்கம் போகாமல் நேரே சுவரின் தலையில் இறங்குகிறது. அங்கே போக மேல்கேட் ஒன்றுதான் வழி. அது பூட்டியிருக்கிறது, சாவி உங்களிடம் இருப்பதாக அக்கா முன்பு சொல்லியிருக்கிறார். அண்ணா, இப்போதைக்கு எனக்கு அந்தச் சாவிதான் முதல் தேவை.

கேட் திறந்தால் மேஸ்திரியும் இரண்டு ஆட்களும் அரை நாளில் வாய்க்காலை வெட்டித் திருப்பி, மேல்மண்ணுக்குத் தார்ப்பாய் போர்த்திவிடுவார்கள். மழை ஓய்ந்த பிறகு, மேலிருந்தபடியே உச்சி வரிசைக் கற்களை இறக்கிப் பாரத்தைக் குறைப்பார்கள். கூலி, தார்ப்பாய், மணல்மூட்டை எல்லாம் சேர்த்து 8,500 ரூபாய் கேட்கிறார். சுவரைப் புதிதாகக் கட்டுவது பெரிய வேலை. அதை ஐயா வந்து முடிவு செய்யட்டும். இந்தப் பணத்தை நானே கொடுத்து, ரசீது வாங்கி வைக்கிறேன். என் வாடகை 9,000. அடுத்த இரண்டு மாதமும் 4,250 வீதம் கழித்துக்கொள்ளச் சம்மதம் தாருங்கள். நம் மாநிலத்தின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டமும் கட்டுமானப் பழுதை உரிமையாளர் பொறுப்பில்தான் வைத்திருக்கிறது. வாடகைதாரர் செலவு செய்தால் மாதம் பாதி வாடகைக்கு மேல் பிடிக்கக் கூடாது என்றும் சொல்கிறது. சட்டம் பேச வரவில்லை, கணக்கு நேராக இருக்கட்டும் என்றுதான் சொல்கிறேன். நான்கு ஆண்டுகளாக என் மகளைப் பேத்திபோல் பார்த்துக்கொண்ட வீடு இது.

என்னால் ஆனதைச் செய்துவிட்டேன். பின்பக்கம் இருந்த எரிவாயு சிலிண்டரை முன்னறைக்கு மாற்றி, சமையலையும் அங்கேயே வைத்துக்கொண்டேன். பின்னறையில் படுத்திருந்த மாமியாரும் இப்போது எங்களோடுதான். அவருக்கு இழுப்பு உண்டு. இரவில் அவர் மூச்சையும் மழையையும் மாறி மாறிக் கேட்டுக்கொண்டே விழித்திருக்கிறேன். 2009 நவம்பரில் இந்த மலையில் மண் சரிந்ததைக் கண்ணால் பார்த்தவர்கள் நாம். எட்டடிச் சுவர்தானே என்று இருக்க மனம் வரவில்லை.

நீங்களே நேரில் வந்தால் நல்லது. பர்லியார் பாதையில் மண் விழுந்திருந்தால் கோத்தகிரி வழியாக வாருங்கள். வர முடியாவிட்டால் தெரிந்த பஸ் நடத்துநரிடம் சாவியைக் கொடுத்தனுப்புங்கள், பேருந்து நிலையத்தில் என் கணவர் நின்று வாங்கிக்கொள்வார். இரண்டுக்கும் வழியில்லை என்றால், "பூட்டை உடைத்துக்கொள்" என்று ஒரு வரி எழுதி அனுப்புங்கள், போதும். எதிர்வீட்டு அம்மாவைச் சாட்சிக்கு வைத்துக்கொண்டு உடைத்து, புதுப்பூட்டு போட்டு ஒரு சாவியை உங்களுக்குத் தருகிறேன்.

இன்று மாலை நான்கு மணிவரை பார்ப்பேன். அதற்குள் பதில் வராவிட்டால் மாவட்டப் பேரிடர் உதவி எண் 1077க்கு அழைத்துச் சொல்லிவிட்டு, மாமியாரையும் குழந்தையையும் கூட்டிக்கொண்டு என் சொந்த அக்கா வீட்டுக்குப் போய்விடுவோம். வீட்டுச் சாவி எதிர்வீட்டில் இருக்கும்.

சுவரின் படங்கள் நான்கு இதோடு அனுப்பியிருக்கிறேன். மூன்றாவது படத்தில் அந்தத் தீப்பெட்டி தெரியும்.

அன்புடன்,
மலர்விழி