பதில்: குறிப்பேடு ஆப் வேலை செய்யவில்லை

வணக்கம். உங்கள் செய்தி கிடைத்தது. முதலில் ஒன்று: ஆப்பை இப்போதைக்கு நீக்கிவிடாதீர்கள், அதன் டேட்டாவையும் அழிக்க வேண்டாம். சர்வருக்குப் போகாத குறிப்புகள் உங்கள் போனில் மட்டும்தான் இருக்கும். நீக்கினால் அவையும் போய்விடும்.

ஆப் திறக்கவே இல்லையா, திறந்ததும் மூடிக்கொள்கிறதா, அல்லது உள்ளே போன பிறகு ஏதாவது ஒரு வேலை மட்டும் நடக்கவில்லையா? கடைசியாக எந்தப் பொத்தானை அழுத்தினீர்கள், அப்புறம் திரையில் என்ன வந்தது? பிழைச் செய்தி வந்திருந்தால் அதை அப்படியே ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்புங்கள். எங்களுக்கு மிகவும் உதவுவது அதுதான்.

எப்போதிலிருந்து இப்படி? அதற்குச் சற்று முன் ஆப்பையோ போனையோ அப்டேட் செய்தீர்களா, பாஸ்வேர்டு மாற்றினீர்களா?

வைஃபையை அணைத்து மொபைல் டேட்டாவில் முயன்றால் மாற்றம் தெரிகிறதா? அதே கணக்கில் கணினி பிரவுசரில் நுழைய முடிகிறதா? முடிந்தால் கணக்கில் கோளாறு இருக்க வாய்ப்பு குறைவு, காரணத்தைப் போனில் தேடலாம்.

போன் மாடல், ஆண்ட்ராய்டு அல்லது ஐஓஎஸ் பதிப்பு, ஆப்பின் பதிப்பு எண் ஆகியவையும் வேண்டும். ஆப் திறக்காவிட்டால் பதிப்பு எண்ணை விட்டுவிடுங்கள், பரவாயில்லை. போனில் காலி இடம் எவ்வளவு என்றும் பாருங்கள்.

பாஸ்வேர்டையும் ஓடிபியையும் யார் கேட்டாலும் அனுப்பாதீர்கள், நாங்கள் கேட்டாலும்கூட.