ஆல்டோபென்டோஸ் ‘அ’: வினாவும் விரிவான விடையும்

வினா: D-வரிசையைச் சேர்ந்த ‘அ’ என்னும் ஆல்டோபென்டோஸை நைட்ரிக் அமிலத்துடன் சூடாக்கினால், ஒளிசுழற்றும் தன்மையற்ற டைகார்பாக்சிலிக் அமிலம் கிடைக்கிறது. அதே ‘அ’ கிலியானி–ஃபிஷர் முறையில் ஒரு கார்பன் நீண்டு ‘ஆ’, ‘இ’ என்னும் இரு ஆல்டோஹெக்சோஸ்களைத் தருகிறது. நைட்ரிக் அமிலத்தால் ‘ஆ’ ஒளிசுழற்றாத டைஅமிலத்தையும், ‘இ’ ஒளிசுழற்றும் டைஅமிலத்தையும் தருகின்றன. மூன்று சர்க்கரைகளையும் காரணங்களுடன் கண்டறிக.

விடை: நைட்ரிக் அமிலம் சங்கிலியின் ஒரு முனையிலுள்ள ஆல்டிஹைடையும் மறுமுனையிலுள்ள முதல்நிலை ஆல்கஹாலையும் கார்பாக்சில் தொகுதிகளாக மாற்றுகிறது; இடையிலுள்ள சீர்மையற்ற கார்பன்களை அது தொடுவதில்லை. இரு முனைகளும் ஒன்றாகிவிடுவதால், மேல்பாதியும் கீழ்பாதியும் ஒன்றுக்கொன்று ஆடிப் பிம்பமாக இருந்தால் மூலக்கூறில் சமச்சீர் தளம் தோன்றி, அது மீசோ சேர்மமாகிறது. ‘சுழற்சி இல்லை என்றால் ரெசிமிக் கலவையாகவும் இருக்கலாமே’ என்று சில மாணவர்கள் எழுதுவதுண்டு. தொடங்கியது ஒரே இனன்ஷியோமர். எந்தச் சீர்மையற்ற கார்பனிலும் பிணைப்பு முறியவில்லை. ஆகவே அந்த ஐயத்துக்கு இங்கு இடமில்லை.

ஃபிஷர் வீழலில் D-வரிசை என்பதால், ‘அ’வின் 4-ஆம் கார்பனில் ஹைட்ராக்சில் வலப்பக்கம் உள்ளது. டைஅமிலம் மீசோவாக வேண்டுமானால் 2-ஆம் கார்பனிலும் அது வலப்பக்கமே இருக்க வேண்டும். 3-ஆம் கார்பன் சமச்சீர் தளத்தின் மீதே அமைவதால், அதைப் பற்றி இச்சோதனை எதையும் கூறாது. எனவே ‘அ’ D-ரைபோஸாகவோ (வலம், வலம், வலம்) D-சைலோஸாகவோ (வலம், இடம், வலம்) இருக்கலாம்; அராபினோஸும் லிக்சோஸும் விலகுகின்றன.

எஞ்சிய ஐயத்தை நீக்குவது சங்கிலி நீட்டல்தான். HCN ஆல்டிஹைடுடன் சேர்ந்து சயனோஹைட்ரின் உருவாகிறது. அதை நீராற்பகுத்தால் ஆல்டோனிக் அமிலமும், அதிலிருந்து லாக்டோனும் கிடைக்கின்றன. லாக்டோனை மிதமான அமிலச் சூழலில் சோடிய இரசக்கலவையால் ஒடுக்கினால் புதிய ஆல்டோஸ் பிறக்கிறது. கிலியானி 1880-களில் சயனைடு படியைக் கண்டார். ஃபிஷர் லாக்டோன் ஒடுக்கத்தைச் சேர்த்து முறையை நிறைவு செய்தார். இதில் நினைவில் நிறுத்த வேண்டியது ஒன்றே: பழைய ஆல்டிஹைடு கார்பன் இப்போது 2-ஆம் கார்பனாகி, புதிய சீர்மையற்ற மையமாகிறது. அதன் இரு பக்கங்களிலும் சயனைடு தாக்குவதால், 2-ஆம் கார்பனில் மட்டும் வேறுபடும் இரு எபிமர்கள் சமமற்ற அளவில் உருவாகின்றன. பழைய மையங்கள் அப்படியே ஓர் எண் கீழிறங்குகின்றன.

‘அ’ D-சைலோஸ் எனக் கொண்டால், விளைபொருள்கள் D-குலோஸும் (வலம், வலம், இடம், வலம்) D-ஐடோஸும் (இடம், வலம், இடம், வலம்) ஆகும். டைஅமிலம் மீசோவாக 2-உம் 5-உம் ஒரே பக்கத்திலும், 3-உம் 4-உம் ஒரே பக்கத்திலும் இருக்க வேண்டும். இவ்விரண்டிலும் 3-உம் 4-உம் எதிரெதிர்ப் பக்கங்களில் உள்ளதால், இரு டைஅமிலங்களுமே ஒளியைச் சுழற்றும். இது தரவுக்கு முரண். ‘அ’ D-ரைபோஸ் எனில், நான்கும் வலமாக உள்ள D-அல்லோஸ் மீசோ டைஅமிலத்தைத் தருகிறது. 2-ஆம் கார்பன் மட்டும் இடமாக மாறிய D-ஆல்ட்ரோஸ் சுழற்றும் டைஅமிலத்தைத் தருகிறது. ஆகவே ‘அ’ D-ரைபோஸ், ‘ஆ’ D-அல்லோஸ், ‘இ’ D-ஆல்ட்ரோஸ்.

விடைத்தாள்களில் அடிக்கடி காணும் பிழை, டைஅமிலத்தை 180 பாகை சுழற்றிப் பார்த்து, அதே வடிவம் வந்தால் மீசோ என்று முடிவு செய்வது. D-மன்னோஸிலிருந்து வரும் டைஅமிலம் (இடம், இடம், வலம், வலம்) அப்படிச் சுழற்றினால் தன்னோடே பொருந்தும். ஆனாலும் அது ஒளியைச் சுழற்றும். சுழற்சிச் சமச்சீர் வேறு, ஆடிச் சமச்சீர் வேறு.

1891-இல் ஃபிஷர் குளுக்கோஸின் அமைப்பை நிறுவியபோது இதே தர்க்கத்தைத்தான் கையாண்டார். அராபினோஸின் டைஅமிலம் சுழற்றுகிறது; ஆகவே D-வடிவில் எழுதினால் அதன் 2-ஆம் கார்பன் இடம். அதை நீட்டினால் வரும் குளுக்கோஸ், மன்னோஸ் இரண்டின் டைஅமிலங்களும் சுழற்றுகின்றன. ஆகவே 3-ஆம் கார்பன் வலம். அது இடமாக இருந்திருந்தால், எபிமர்களுள் ஒன்று காலக்டோஸ் ஆகியிருக்கும். அதன் டைஅமிலமான மியூசிக் அமிலம் மீசோ என்பதோடு, நீரில் எளிதில் கரையாமல் வெண்பொடியாகப் படிந்து தன்னைக் காட்டிக்கொடுத்தும் விடும். இவ்விரண்டில் குளுக்கோஸ் எது, மன்னோஸ் எது என்பதற்கு மட்டும் சுழற்சி அளவீடு உதவாது. குளுக்கோஸின் டைஅமிலத்தையே தரும் இன்னொரு ஆல்டோஸ் இருக்க வேண்டும், மன்னோஸுக்கு அப்படி ஒன்று இருக்க முடியாது என்று அவர் கண்டார். அந்த இன்னொரு சர்க்கரையான L-குலோஸைத் தாமே ஆய்வகத்தில் தயாரித்துக் காட்டினார்.