கபரக்கொய்யா வீடியோவுக்கு வந்த கருத்துகளுக்கு என் பதில்

வணக்கம். வெள்ளவத்தைக் கால்வாய்க் கரையில் வெயில் காய்ந்துகொண்டிருந்த கபரக்கொய்யா என்கிற உடும்புக் குடும்பத்துப் பெரிய பல்லி ஒன்றைக் காட்டி, அதற்குக் கல்லெறிய வேண்டாம் என்று போன கிழமை ஒரு சின்ன வீடியோ போட்டேன். பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் சொல்லிக்கொடுக்கிற டியூஷன் டீச்சர் நான், எப்போதும் போடுகிற மாதிரியான வீடியோதான், ஆனால் இந்த முறை எங்கிருந்தோ நிறையப் பேர் வந்து, வந்தவர்களில் பாதிப் பேர் கோபத்தோடும் மீதிப் பேர் நக்கலோடும் எழுதிவிட்டுப் போயிருக்கிறார்கள். இன்றைக்கு அவற்றில் சிலவற்றை வாசித்துப் பதில் சொல்லப் போகிறேன். திரையில் கருத்து மட்டும்தான் வரும், எழுதியவரின் பெயரையும் படத்தையும் மறைத்திருக்கிறேன். தயவுசெய்து யாரும் தேடிப்போய் அவர்களைத் திட்டவேண்டாம், அது எனக்குச் செய்கிற உதவி இல்லை.

முதலில் சுருக்கமாக முடிக்கக்கூடியவை.

"கபரக்கொய்யா அக்கா." சரி, அப்படியே கூப்பிடுங்கள், என் மாணவர்களும் தொடங்கிவிட்டார்கள்.

"உங்கட மூஞ்சிக்கும் அதுக்கும் பெரிய வித்தியாசம் இல்ல." இதில் சரிபார்க்க ஒன்றும் இல்லை, அடுத்தது.

என் ஊரைச் சொல்லி, தோட்டத்துக்கே திரும்பிப் போ என்று எழுதிய கருத்துகளை நீக்கிவிட்டேன். நான் அட்டனில் பிறந்தவள், அது உண்மை. என்னைத் திட்டுகிற கருத்துகள் அப்படியே இருக்கின்றன, ஒரு சமூகத்தையே திட்டுகிறவை மட்டும் இருக்காது.

"எந்த என்.ஜி.ஓ காசு குடுத்தது?" ஒருவரும் கொடுக்கவில்லை. கைத்தொலைபேசியில் எடுத்த வீடியோ, அதன் கீழே விளம்பரமும் இல்லை.

இனி விஷயமுள்ளவை.

"முதலையப் போய் பல்லி எண்டு சொல்ற மேதாவி. தெஹிவளையில ஆள் செத்தது தெரியாதோ?" இந்த அண்ணாவுக்குக் கோபம் வருவதில் நியாயம் இருக்கிறது. 2022 ஜனவரியில் தெஹிவளைக் கடலில் ஒருவரை முதலை கொன்றது உண்மை, கொழும்புப் பக்கக் கடலோரத்திலும் நீர்நிலைகளிலும் முதலை தென்படுவதும் உண்மை. அதனால்தான் இரண்டையும் பிரித்துத் தெரிந்துகொள்ள வேண்டும் என்கிறேன். என் வீடியோவை மறுபடி பாருங்கள், அந்த விலங்கு பாம்பைப் போல இரட்டையாகப் பிளந்த கருநீல நாக்கை வெளியே நீட்டி நீட்டி இழுக்கிறது. காற்றில் இருக்கிற வாசனைத் துணிக்கைகளை அது நாக்கால்தான் பிடிக்கிறது, பிடித்ததை மேல் அண்ணத்தில் இருக்கிற உறுப்பு உணர்ந்துகொள்கிறது. முதலையால் நாக்கை வாய்க்கு வெளியே நீட்டவே முடியாது, அதன் நாக்கு கீழ்த் தாடையோடு ஒட்டியிருக்கிறது. முதலைக்கு முதுகு முழுக்கத் தடித்த எலும்புத் தகடுகள் இருக்கும், கபரக்கொய்யாவின் தோலில் இருப்பவை சின்னச் சின்னச் செதில்கள், கரிய உடம்பில் மஞ்சள் புள்ளிகளும் வளையங்களும் தெரியும். கழுத்தும் நீளம். நீந்தும்போது மட்டும் தலையையும் வாலையும் பார்த்து யாருக்கும் குழப்பம் வரலாம், அப்படிக் குழப்பமாக இருந்தால் முதலை என்றே நினைத்துத் தண்ணீரை விட்டு விலகுங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

"இது உடும்பு, கறி நல்ல ருசி, டீச்சர் சமைச்சுப் பாக்கேல்ல போல." இல்லை, சமைத்துப் பார்க்கவில்லை. நீங்கள் சொல்வது தரை உடும்பு, சிங்களத்தில் தலகொய்யா என்பார்கள். அதன் மூக்குத் துளை கண்ணுக்கும் மூக்கு நுனிக்கும் நடுவில் ஒரு கீறல் மாதிரி இருக்கும், கபரக்கொய்யாவுக்கு அது நுனிக்குப் பக்கத்தில் இருக்கும். இரண்டும் சட்டப்படி பாதுகாக்கப்பட்டவை. 1937ஆம் ஆண்டின் விலங்கினங்கள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது, பிறகு பல தடவை திருத்தினார்கள். கொல்வதும் பிடிப்பதும் குற்றம். நகைச்சுவைக்கு எழுதியிருப்பீர்கள், ஆனால் கீழே இரண்டு தம்பிகள் எங்கே பிடிக்கலாம் என்று உண்மையாகவே கேட்டிருக்கிறார்கள், அதனால்தான் இதைச் சொல்கிறேன்.

"கபரக்கொய்யாட எச்சில் பட்டாலே சாவு. படிச்ச ஆக்களுக்கு இது தெரியாது." இதற்கு மட்டும் கொஞ்சம் நேரம் எடுக்கிறேன், ஏனென்றால் இதே கருத்தைப் பல பேர் வேறு வேறு சொற்களில் எழுதியிருக்கிறார்கள், சில பேர் அவர்களின் அம்மம்மா சொன்னதாக.

இந்தப் பயம் பழையது. பிரித்தானியர் காலத்தில் இங்கே குடியேற்றச் செயலாளராக இருந்த எமர்சன் டெனன்ட், கபரதெல் என்ற ஒரு நஞ்சு எண்ணெயைச் செய்கிற முறையை எழுதி வைத்திருக்கிறார். அதில் கபரக்கொய்யாக்களை நெருப்பைப் பார்த்தபடி கட்டிவைத்து, அடித்துச் சீற வைத்து, வாயில் வடிகிற நுரையை எடுத்துச் சேர்ப்பார்களாம். கேட்கவே பாவமாக இருக்கிறது. ஆனால் அதே சட்டியில் வேறு என்னென்ன போகிறது என்று பாருங்கள், நாகத்தின் நஞ்சு, மற்றப் பாம்புகளின் நஞ்சு, ஆர்சனிக் என்கிற பாஷாணம். இவ்வளவையும் போட்ட பிறகு ஒருவர் செத்தால் அது கபரக்கொய்யாவின் எச்சிலால் என்று எப்படிச் சொல்வது?

அதற்காக, வாயில் ஒன்றுமே இல்லை, கடித்தால் கடி எறும்பு மாதிரி என்று நான் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். உடும்புக் குடும்பத்துப் பல்லிகளின் தாடையில் நச்சுச் சுரப்பிகள் இருப்பதாக 2006இல் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள், அது எவ்வளவு தூரம் வேலை செய்கிறது என்பதில் விஞ்ஞானிகளுக்குள்ளேயே இன்னும் ஒத்துப்போகவில்லை. மனிதருக்கு நேரடியான ஆபத்து காயமும் கிருமியும்தான். பற்கள் கூர்மையானவை, பின்பக்கமாக வளைந்தவை, சதையைக் கிழிக்கும், அதுவோ அழுகியதைத் தின்கிற விலங்கு, ஆகவே காயம் பழுக்கலாம். வாலாலும் நன்றாக அடிக்கும். கடிபட்டால் ஓடுகிற தண்ணீரில் சவர்க்காரம் போட்டு நன்றாகக் கழுவி, சுத்தமான துணியால் மூடி, ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்டுங்கள், ஏற்பு ஊசி தேவையா என்று டாக்டர் சொல்வார். வெட்டி இரத்தம் எடுப்பது, இறுக்கிக் கட்டுவது, கோப்பித்தூள் அப்புவது ஒன்றும் வேண்டாம்.

"சிட்டிக்குள்ள என்னத்துக்கு காட்டு மிருகம்? பிடிச்சு யாலவில விடுங்கோ." அது காட்டிலிருந்து வரவில்லை, இங்கேயே முட்டையிலிருந்து வெளிவந்தது. கொழும்பு சதுப்பு நிலத்தின் மேல் எழும்பிய நகரம். பேர வாவி, தியவன்னா, கால்வாய்கள், தலங்கமப் பக்கத்து ஈரநிலங்கள் எல்லாம் அதன் வீடு. 2018இல் டுபாயில் நடந்த ராம்சர் மாநாட்டில் உலகத்திலேயே முதல் தடவையாகப் பதினெட்டு நகரங்களுக்கு ஈரநில நகரம் என்ற அங்கீகாரம் கொடுத்தார்கள், அதில் கொழும்பும் ஒன்று. இந்த ஈரநிலங்கள்தான் பெருமழையில் தண்ணீரைத் தாங்கிக்கொள்கின்றன, நிரப்பிக்கொண்டே போனால் தண்ணீர் வீட்டுக்குள் வரும். 2010 நவம்பரில் நாடாளுமன்றத்துக்குள்ளேயே வந்தது. இன்னொன்று, இங்கே இருக்கிற கபரக்கொய்யா வகை, விஞ்ஞானிகள் இப்போது பிரிக்கிற முறைப்படி, இலங்கையில் மட்டும் இருக்கிற துணை இனம்.

கால்வாய்க்குள் அது என்ன தின்கிறது என்று கேட்டவருக்கு: மீன், நண்டு, தவளை, எலி, முட்டை, செத்தவை எல்லாம். நாங்கள் கரையில் எறிகிற மீன் கழிவும் சோத்துப் பார்சலும்தான் அதை வீட்டுப் பக்கம் கூப்பிடுகிறது. மீன் வெட்டின செதிலைச் சுவருக்கு அந்தப் பக்கம் வீசிவிட்டு ஐயோ கபரக்கொய்யா என்று கத்துகிற வீடுகளை எங்கள் ஒழுங்கையிலேயே காட்டலாம், காட்டமாட்டேன், பக்கத்து வீட்டுக்காரர்களோடு நான் இன்னும் வாழ வேண்டும்.

"எங்கட கோழிக்குஞ்சு ஏழும் போச்சு. நீங்க வந்து தருவீங்களோ?" இது நக்கல் இல்லை, நட்டம். அது கோழிக்குஞ்சும் முட்டையும் எடுக்கும், அதை நான் மறுக்கவில்லை. என்னால் குஞ்சு தரமுடியாது, ஆனால் ஒன்று சொல்லலாம்: அது பகலில் திரிகிற விலங்கு, இரவில் கூட்டை அடைத்துவிட்டுப் பகலில் திறந்துவிட்டால் அதற்கு வசதி. குஞ்சுகள் பெரிதாகும்வரை பகலிலும் சின்னக் கண் கம்பிவலைக்குள் விடுங்கள், வலையின் அடியை மண்ணுக்குள் புதையுங்கள், தோண்டும், மரமும் ஏறும், மேலேயும் மூட வேண்டும். முட்டையைக் காலையிலேயே எடுத்துவிடுங்கள்.

"ஒரு சின்னப்பிள்ளைய கடிச்ச பிறகு வீடியோ போடுங்க, பாப்பம்." இதை எழுதியவர் ஒரு தாய் என்று அவரின் அடுத்த கருத்தில் தெரிந்தது, கிருலப்பனையில் கால்வாயை ஒட்டிய வீடாம், மூன்று வயது மகன் முற்றத்தில் விளையாடுவானாம். அக்கா, உங்கள் பயம் நியாயமானது. பிள்ளையைத் தனியாகக் கால்வாய்ப் பக்கம் விடாதீர்கள், கபரக்கொய்யா இல்லாவிட்டாலும் விடக்கூடாது. அது மனிதரைத் தேடி வந்து தாக்குகிற விலங்கு இல்லை, ஆளைக் கண்டால் பெரும்பாலும் தண்ணீருக்குள் இறங்கிவிடும். கடிப்பதும் வாலடிப்பதும் மூலையில் நெருக்கும்போதும் பிடிக்கப் போகும்போதும் நாயை ஏவும்போதும். கல்லெறிகிற பெடியன்கள்தான் அதற்குக் கிட்டப் போகிறார்கள், அதனால்தான் கல்லெறிய வேண்டாம் என்றேன். அந்த முதல் வீடியோவில் அதைத் தவிர நான் வேறு ஒன்றும் கேட்கவில்லை.

கடைசிக் கருத்து. "அப்ப நாளைக்கு அது உங்கட குசினிக்குள்ள வந்தா, டீச்சர் தேத்தண்ணி ஊத்திக் குடுப்பாவோ?" நல்ல கேள்வி, சிரித்தேன். வந்தால் இப்படிச் செய்வேன்: பிள்ளைகளையும் பூனையையும் வேறு அறைக்குள் விட்டுக் கதவைச் சாத்துவேன், நாய் இருந்தால் கட்டுவேன். வெளிவாசலை முழுதாகத் திறந்துவைத்து, அந்த வாசலுக்கும் அதற்கும் நடுவில் நிற்காமல் தூரப் போய்விடுவேன். சத்தம் போடாமல் விட்டால் அது தானாகவே வெளிச்சம் பார்த்துப் போகும், கொஞ்ச நேரம் எடுக்கலாம், சோறு வேகப் பிந்தும். குளியலறை மாதிரி வழியில்லாத இடத்தில் மாட்டிக்கொண்டால் கதவைச் சாத்திவிட்டு வனஜீவராசிகள் திணைக்களத்துக்கு அறிவிப்பேன், தலைமை அலுவலகம் பத்தரமுல்லையில்தான் இருக்கிறது. தும்புத்தடி, கொதிதண்ணி, மண்ணெண்ணெய் மூன்றையும் தொடமாட்டேன். தேத்தண்ணி எனக்கு மட்டும் ஊற்றுவேன்.