ரெட்டை வடம்

2019 பிப்ரவரி 24, ஞாயிறு, பகல் 11 மணி

பத்தர் சங்கிலியின் கொக்கியருகே லேசாக அரத்தால் தேய்த்து, அந்த இடத்தை உரைகல்லில் இழுத்தார். குப்பியிலிருந்து ஒரு சொட்டு அமிலம். மஞ்சள் கோடு பச்சையாகப் பொங்கிக் காணாமல் போனது. அதே கல்லில் பதக்கத்தை இழுத்தார். அந்தக் கோடு அப்படியே நின்றது.

"பதக்கம் சொக்கத் தங்கமுங்க. சங்கிலி கவரிங்."

ஏற்காட்டு எஸ்டேட் பங்களாவின் திண்ணையில் பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்த பங்காளிகள் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். ஆறு பவுன் ரெட்டை வடம். தனலட்சுமியம்மாள் கல்யாணத்துக்குப் போட்டு வந்த நகை.

சேகர் மட்டும் பேசவில்லை. அவன் வாசல் பக்கம் திரும்பினான். அங்கே படியோரம் மிளகு காயும் பாயை உதறிக்கொண்டிருந்தார் ரங்கன். தோளில் அந்தப் பழைய பழுப்புக் கம்பளி.

"மேஸ்திரி, இங்க வா. வருஷா வருஷம் மெருகு போடறேன்னு இதைச் சேலத்துக்குக் கொண்டு போனது யாரு?"

"நான்தானுங்க."

"மாத்துனது?"

ரங்கன் பாயைச் சுருட்டி ஓரமாக வைத்தார்.

"அதுவும் நான்தானுங்க."

"பதக்கத்தை மட்டும் ஏன்டா விட்டு வெச்சே?" என்றார் மாமா.

"அதுல அய்யா பேரு வெட்டியிருக்குதுங்க."

சேகர் படியிறங்கினான். "காப்பி வெலை அடியோட விழுந்தப்பகூட எங்கப்பா ஒருத்தருக்கும் கூலி பாக்கி வெச்சதில்லை. அந்த வீட்டுல கை வெச்சிருக்கே நீ. பணத்தை என்ன பண்ணே?" கை ஓங்கியிருந்தது.

"அந்தப் பொங்கலுக்குச் செலவாயிருச்சுங்க."

ஓங்கிய கை அப்படியே நின்றது. சேகர் ரங்கனின் முகத்தைப் பார்க்கவில்லை. தோளில் கிடந்த கம்பளியைப் பார்த்தான். பிறகு கையைக் கீழே விட்டான்.

"போலீஸ் கீலீஸ் ஒண்ணும் வேண்டாம்" என்றான். தொண்டை கட்டியிருந்தது. "சாயங்காலத்துக்குள்ள லைன் வீட்டைக் காலி பண்ணச் சொல்லுங்க."

சின்ன வயசு ஆட்கள் காறித் துப்பினார்கள். 1978-ல் வேலைக்கு வந்த மனுஷன் இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை அவிழ்த்துப் படியில் வைத்தார். போவதற்கு முன், பெருங்காற்றுக்கு மறுநாள் நாற்று நிற்கிறதா சாய்ந்திருக்கிறதா என்று பார்ப்பதுபோல், சேகரை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தார்.

தூணில் சாய்ந்து நின்ற, சேகரோடு பிறந்த வசந்தா வாயை முந்தானையால் பொத்திக்கொண்டாள்.

2019 பிப்ரவரி 23, சனி, இரவு

லைன் வீட்டுக் கதவை வசந்தா இரண்டு முறை தட்டினாள். ரங்கன் அடுப்பில் களி கிண்டிக்கொண்டிருந்தார். அவள் கைக்குட்டையைப் பிரித்து ரெட்டை வடத்தைப் பலகைமேல் வைத்தாள்.

"நாளைக்குப் பங்கு பிரிக்கிறாங்க ரங்கண்ணா. பத்தரை வரச் சொல்லியிருக்கான் சேகர். கல்லுல ஒரசுனா தெரிஞ்சிரும்."

"தெரியட்டும்மா."

"நான் இதை எடுத்துட்டுப் போனதை நீங்க பார்த்தீங்க. அஞ்சு வருஷமா ஒருத்தர்கிட்டயும் வாயைத் திறக்கல."

"சேலம் பஸ்ஸுல முன் சீட்டுல உக்காந்திருந்தீங்க. மடியில பையை இறுக்கிப் பிடிச்சிருந்தீங்க. என்னன்னு கேக்க எனக்கு என்ன இருக்கு?"

வசந்தா அழுதாள். வீட்டுக்காரரின் கடன், வாசலில் வந்து கத்திய ஆட்கள் எல்லாம் சொன்னாள். ரங்கன் களியைக் கிண்டுவதை நிறுத்தவில்லை. நிறுத்தினால் கட்டி தட்டிவிடும்.

"நானே எடுத்தேன்னு சபையில சொல்லிடறேன்" என்றாள்.

"வேண்டாம்மா. வாழப் போன எடத்துல உங்களுக்குப் பேரு கெட்டா திரும்ப வராது. நான் ஒத்தைக்கட்டை. வருஷா வருஷம் மெருகுக்குக் கொண்டு போனது நான்தான்னு ஊருக்கே தெரியும். நம்பிருவாங்க."

"நாப்பத்தொரு வருஷம் ரங்கண்ணா."

"அம்மா போயிட்டாங்க. இனி இங்க எனக்கு என்ன வேலை?"

களியை உருண்டையாக்கித் தட்டில் வைத்து அவள் பக்கம் நகர்த்தினார். கதவருகே போனபோது வசந்தா திரும்பினாள். "அம்மா பேரு வெளிய வரக்கூடாது, அவ்வளவுதான் எனக்கு." ரங்கன் தலையாட்டினார்.

2014 ஜூன், ஒரு புதன்கிழமை

சேலம் கடைவீதியில் ஒரு பத்தர் கடை. அதே மாதிரி ஒரு கல், அதே மாதிரி ஒரு சொட்டு, அதே பச்சை.

"இதுக்கு ஒண்ணும் தேறாதும்மா. பதக்கத்துக்கு வேணா வெலை போடறேன்."

வசந்தா வெளியே வந்து வெயிலில் நின்றாள். கடன்காரர்களுக்கு அன்று மாலை கெடு. அதைவிடப் பெரிதாக ஒன்று நெஞ்சை அடைத்தது: ரங்கண்ணாவா? வருஷந்தோறும் தை பிறக்குமுன் மஞ்சள் துணியில் முடிந்து கொண்டு போவாரே, அவரா? இருபது கொண்டை ஊசி வளைவுகளும் ஏறி முடியும்வரை அவரைத் திட்டிக்கொண்டே வந்தாள். அதே பஸ்ஸில், மூன்று வரிசை பின்னால்தான் அவர் உட்கார்ந்திருந்தார்.

ராத்திரி, யாரும் அறியாமல் பீரோவைத் திறந்து சங்கிலியை வைக்கப் போனபோது விளக்கு எரிந்தது. கட்டிலில் தனலட்சுமியம்மாள் எழுந்து உட்கார்ந்திருந்தார்.

"வெச்சிரு கண்ணு. அதுல ஒண்ணுமில்ல."

"அம்மா, இது... ரங்கண்ணா..."

"ரங்கனை ஒரு வார்த்தை கேட்றாதே." அம்மா குரல் இவ்வளவு கடுமையாகி வசந்தா கேட்டதில்லை. "அது என் கையால போனது. எதுக்குன்னு கேக்காதே, எங்கூடவே போகட்டும். சேகர் காதுல மட்டும் விழக்கூடாது."

தலையணைக்கடியிலிருந்து பாஸ்புத்தகத்தை எடுத்து நீட்டினார். மிளகு விற்ற காசு, சிறுகச் சிறுகச் சேர்த்தது. "இதுல இருக்கிறதை எடுத்து மாப்பிள்ளை கடனை அடை."

அம்மாவும் எதையோ விற்றுத்தான் யாருக்கோ கட்டியிருக்கிறாள் என்று வசந்தாவுக்குப் புரிந்தது. அதற்கு மேல் அவள் கேட்கவில்லை.

2002 ஜனவரி 11, வெள்ளி, இரவு

அந்த மார்கழியில் காப்பிக்கு விலையே இல்லை. பழம் எடுக்கும் கூலிக்குக்கூடக் கட்டாது என்று பக்கத்துத் தோட்டங்கள் சிலவற்றில் பழத்தைச் செடியிலேயே விட்டுவிட்டார்கள். மறுநாள் சனிக்கிழமை, பொங்கலுக்கு முந்தைய சம்பள நாள். முப்பத்தெட்டுப் பேர் களத்தில் வந்து நிற்பார்கள்.

சமையல்கட்டில் ஒரு சிமினி விளக்கு. தனலட்சுமியம்மாள் கழுத்திலிருந்து ரெட்டை வடத்தைக் கழற்றினார். கொக்கி சிக்கிக்கொண்டது, கல்யாணத்துக்குப் பிறகு அது கழற்றப்பட்டதேயில்லை. சோப்பு நுரை தடவித்தான் வந்தது. கழன்றதும் கழுத்தைச் சுற்றி வெளுத்த தடம் ஒன்று தெரிந்தது. அதைப் பார்க்கக்கூடாது என்று ரங்கன் சுவரைப் பார்த்தார்.

"முதல் பஸ்ஸுக்குப் போயிரு. பவுன் நாலாயிரம்கூட வராது, ஆனா கூலிக்குச் சரியா இருக்கும். கவரிங் கடையில இதே மாதிரி ஒண்ணு வாங்கி, பதக்கத்தைக் கோத்துக் கொண்டா. ரெண்டு மணிக்குள்ள நீ வரணும். நான் அய்யாவுக்குச் சாப்பாடு போட்டுப் படுக்க வைக்கிறேன்."

"சரிங்கம்மா."

"கவரிங் கறுத்துப் போகும். வருஷம் ஒருதடவை மெருகுன்னு சொல்லி நீதான் கொண்டு போகணும்."

"சரிங்கம்மா."

"பையில இருந்த பணம் என் கையால போச்சுன்னு வெச்சுக்கோ. நாளைக்கு யாராவது கேட்டாலும், நான் செத்த பிறகு கேட்டாலும், அதான் பதில்."

"நீங்க ஏம்மா பேர் கெடுத்துக்கணும்? நான் எடுத்தேன்னு சொல்லிக்கிறேன்."

அம்மா மறுக்கவும் இல்லை, ஒப்புக்கொள்ளவும் இல்லை. மாடியை அண்ணாந்து பார்த்தார். மேலே பலகை கிறீச்சிடும் சத்தம் கேட்கிறதா என்று மூச்சைப் பிடித்துக் கேட்டார்.

"தூங்குறானா?"

"தூங்குறாருங்க. கதவுகிட்டயே லைன் வீட்டுப் பையன் ஒருத்தனைப் படுக்க வெச்சிருக்கேன்."

2002 ஜனவரி 10, வியாழன், இரவு

பனி இறங்கியிருந்தது. லேடீஸ் சீட் காட்சிமுனையில் ஒரு ஆள்கூட இல்லை. கம்பிக்கு அந்தப் பக்கம், பாறை விளிம்பில், யாரோ குந்தியிருப்பது ரங்கனின் டார்ச் வெளிச்சத்தில் தெரிந்தது. வெளிச்சத்தை உடனே தரைக்குத் திருப்பினார்.

பொழுது சாய்ந்ததிலிருந்து தேடிக்கொண்டிருந்தார். அய்யாவின் மேசை இழுப்பறை திறந்து கிடந்தது. சம்பளப் பையைக் காணவில்லை. சேகரையும் காணவில்லை. அய்யா மிளகு வியாபாரியைப் பார்க்கப் போயிருந்தார், நல்லவேளை.

"தம்பி. நான் ரங்கன்."

பதில் இல்லை. கீழே பள்ளத்தாக்கு முழுக்கப் பனி. ஒரு இடத்தில் மட்டும் விலகி, சேலத்து விளக்குகள் சாம்பலில் கங்குபோல் தெரிந்தன.

"குளிருதுங்க தம்பி. நானும் உக்காந்துக்கறேன்." கம்பியைத் தாண்டி, ஒரு கை தூரத்தில் உட்கார்ந்தார்.

நெடுநேரம் கழித்துத்தான் பையன் பேசினான். பதினேழு வயசு. பல் கிட்டிப்போய் வார்த்தை பாதிதான் வந்தது. சேலத்தில் ஒரு லாட்ஜ், மூணு சீட்டு. போன வாரம் தோற்றதை மீட்டுவிட்டால் பையை அப்படியே திருப்பி வைத்துவிடலாம் என்று நினைத்தானாம். மடியில் வெறும் பை கிடந்தது. இன்னமும் அதன் வாயை இறுக்கிப் பிடித்திருந்தான்.

"முப்பத்தெட்டுப் பேர் பொங்கல், ரங்கண்ணா. அப்பா என்னைக் கொன்னுருவார். அவருக்கு முன்னால நானே..."

"கூலி நாளன்னிக்கு வந்துரும்."

"எப்படி வரும்?"

"வந்துரும்னு சொல்றனில்ல. நீங்க எப்படின்னு கேக்காதீங்க. எப்பவுமே கேக்காதீங்க."

தோளிலிருந்த பழுப்புக் கம்பளியை எடுத்து அவன்மேல் போர்த்தினார். போர்த்திய கையை எடுக்கவில்லை. கம்பளிக்குள் பையனின் தோள் நடுங்கி நடுங்கி, மெல்ல அடங்கியது.

"சொல்லிடுவீங்களா?"

"அம்மாகிட்ட மட்டும். அம்மா மூச்சு விட மாட்டாங்க. வேற ஒருத்தருக்கும் தெரியாது தம்பி. நான் சாகற வரைக்கும் தெரியாது."

சேகர் எழுந்தான். ஒரு காலில் செருப்பு இல்லை. பாறையில் எங்கோ விழுந்திருந்தது. ரங்கன் தன் செருப்பைக் கழற்றி அவன் காலடியில் போட்டார்.

"இதைப் போட்டுக்குங்க. நீங்க முன்னால நடங்க. நான் பின்னாலயே வரேன்."