மே 22 புக்கிங்: தப்பு எங்க பக்கம், மாத்து வீடு ரெடியா இருக்கு

வணக்கம் அண்ணா, கொடைக்கானல் பள்ளங்கி வீட்டுல இருந்து ஸ்டெல்லா. காலையில ரெண்டு தடவை கூப்பிட்டேன், வேலையில இருப்பீங்கன்னு நெனைக்கிறேன், அதான் எல்லாத்தையும் எழுதியே அனுப்பிடுறேன், நேரம் கிடைக்கிறப்ப பொறுமையா படிச்சிட்டு கூப்பிடுங்க.

நேரா விஷயத்துக்கு வந்துடுறேன். நீங்க மே 22 வெள்ளி, 23 சனி ரெண்டு நைட்டுக்கு ஆப்ல புக் பண்ண வீடு, அதே ரெண்டு நாளுக்கு வேற ஒரு குடும்பத்துக்கும் போயிருக்கு. அவங்க பிப்ரவரியிலயே ஃபோன்ல சொல்லி அட்வான்ஸும் போட்டுட்டாங்க, நாங்க அதை நோட்டுல எழுதி வச்சோமே தவிர ஆப் காலண்டர்ல அந்த தேதியை அடைக்கல. தேதி காலியா தெரிஞ்சதால நீங்க புக் பண்ணீங்க, பணமும் கட்டிட்டீங்க. உங்க மேலயோ ஆப் மேலயோ ஒரு குத்தமும் இல்ல, முழுக்க எங்க தப்பு. மன்னிச்சிருங்க அண்ணா. அம்மாவை கூட்டிட்டு ஒன்பது பேரா வர்றோம்னு எவ்வளவு ஆசையா மெசேஜ் போட்டிருந்தீங்க, நேத்து ராத்திரி நோட்டையும் ஆப்பையும் பக்கத்துல பக்கத்துல வச்சு பாத்தப்ப தான் தெரிஞ்சது, அப்பவே அங்க இங்க ஃபோன் போட ஆரம்பிச்சிட்டேன்.

அவங்கள மாத்தி விட்டுட்டு எங்களுக்கு குடுக்கலாம்லன்னு நீங்க கேட்டா அதுல தப்பே இல்ல. ஆனா முதல்ல சொன்னவங்களுக்கு தான் வீடு அண்ணா, நாளைக்கு நீங்க முதல்ல சொல்லி வேற யாராவது பின்னாடி வந்தாலும் இதையே தான் செய்வேன். அதனால வீடு இருக்குற மாதிரி பேசி உங்கள மலை ஏற வச்சிட்டு வாசல்ல கைய பிசைஞ்சிட்டு நிக்கிறதுக்கு பதிலா இன்னைக்கே சொல்லிடுறேன், இன்னும் மூணு வாரத்துக்கு மேல இருக்கு.

சரி, இப்ப என்ன ஏற்பாடு பண்ணியிருக்கேன்னு சொல்றேன்.

அட்டுவம்பட்டியில, தெரசா யுனிவர்சிட்டி இருக்குற ஏரியா, எனக்கு நல்லா பழக்கமான ஒரு அக்கா வீடு இருக்கு. டவுன்ல இருந்து பள்ளங்கிக்கு வர்ற ரோட்டுலயே தான், எங்க வீட்டுக்கு முன்னாடியே வந்துடும். அதே மே 22, 23 ரெண்டு நைட், மூணு ரூம், மொத்த வீடும் உங்களுக்கு மட்டும். நானே இன்னைக்கு காலையில நேர்ல போய் பாத்துட்டு வந்தேன், குழாய் எல்லாம் திறந்து பாத்து, வெந்நீர் எவ்வளவு நேரத்துல வருதுன்னும் பாத்தேன். உங்க பேர்ல பிடிச்சு வைக்க என் கையில இருந்து 5,000 ரூபாய் அட்வான்ஸ் குடுத்துட்டேன், ஜிபே ஸ்க்ரீன்ஷாட்டும் வீட்டு போட்டோவும் கீழ அனுப்புறேன். போட்டோ எல்லாம் இன்னைக்கு எடுத்தது, பழசு இல்ல.

வித்தியாசத்தையும் மறைக்காம சொல்லிடுறேன், வந்து பாத்துட்டு ஏமாந்துட்டோம்னு நினைக்கக் கூடாது. எங்க வீட்டுல முன்னாடி நின்னா பள்ளத்தாக்கு முழுசா தெரியும், அங்க அது கிடையாது, சுத்தி பேரிக்கா மரமும் பக்கத்து தோட்டமும் தான். கேம்ப் ஃபயர் கேட்டிருந்தீங்க, அங்க அந்த அக்கா விட மாட்டாங்க. மூணு பாத்ரூம்ல ஒண்ணு இந்தியன் டாய்லெட், மத்த ரெண்டும் வெஸ்டர்ன். ஆனா ஒரு விஷயத்துல அது எங்க வீட்டை விட உங்களுக்கு நல்லது. அம்மாவுக்கு மூட்டு வலின்னு எழுதியிருந்தீங்க, எங்க வீட்டுக்கு ரோட்டுல இருந்து படி ஏறி வரணும், மழை பேஞ்சா வழுக்கும், அங்க வண்டி நேரா வாசல் வரைக்கும் வரும், படியே இல்ல, வாசல்ல இருந்து முதல் ரூமே வெஸ்டர்ன் டாய்லெட்டோட இருக்கு, அம்மாவுக்கு அதையே வச்சுக்கலாம். டெம்போ டிராவலர் திருப்பவும் இடம் இருக்கு, டிரைவர் படுக்க தனியா ஒரு ரூமும் உண்டு.

காசு விஷயம். அந்த வீடு சீசன்ல ஒரு நைட்டுக்கு 11,000, ரெண்டு நைட்டுக்கு 22,000. நீங்க எங்க வீட்டுக்கு பேசின 19,000 மட்டும் குடுத்தா போதும், மேல வர்ற 3,000 என்னோடது. ரெண்டு நாள் காலை டிபனும் சனிக்கிழமை ராத்திரி சாப்பாடும் எங்க வீட்டுல சமைச்சு அங்க கொண்டு வந்து தர்றேன், அதுக்கு காசு வேண்டாம்.

ஆப்ல நீங்க கட்டினது ஃபீஸ் எல்லாம் சேத்து 21,400. இங்க ஒண்ணே ஒண்ணு கவனமா இருங்க அண்ணா, தயவு செஞ்சு நீங்களா கேன்சல் பட்டனை அமுக்கிடாதீங்க. நீங்க கேன்சல் பண்ணா கேன்சலேஷன் பாலிசின்னு சொல்லி பிடிச்சிடுவாங்க, வீட்டுக்காரங்க நாங்க கேன்சல் பண்ணா தான் ஃபீஸோட முழுசா திரும்ப வரும். எனக்கு ஆப்ல அபராதம் விழும், அது நான் பட வேண்டியது தான். நீங்க இந்த வீடு ஓகேன்னு சொன்ன பிறகு தான் கேன்சல் போடுவேன், அது வரைக்கும் பழைய புக்கிங் அப்படியே இருக்கும், காசும் போய் ரூமும் போச்சுன்னு நடுவுல தொங்க விட மாட்டேன். ரீஃபண்ட் உங்க அக்கவுண்ட்டுக்கு வர்ற வரைக்கும் அந்த அக்காவுக்கு நீங்க ஒரு ரூபாய் கூட குடுக்க வேண்டாம், அவங்க கிட்ட பேசிட்டேன்.

இல்ல ஸ்டெல்லா, எங்களுக்கு அந்த பள்ளத்தாக்கு வீடு தான் வேணும்னு சொன்னீங்கன்னா ஜூன் 9 செவ்வாய்ல இருந்து 11 வியாழன் வரைக்கும் எங்க வீடு காலி, ஒரு நைட்டு 9,500ல இருந்து 7,500க்கு தர்றேன். வார நாள்ல இ-பாஸ் கிடைக்கிறதும் லேசு, 2025 சீசன்ல கூட கோர்ட் சனி ஞாயிறுக்கு 6,000 வண்டி, மத்த நாளுக்கு 4,000 வண்டின்னு தான் கொடைக்கானலுக்கு கணக்கு வச்சிருந்தாங்க, ஆனா வார நாள்ல அவ்வளவு பேர் அடிச்சு பிடிச்சு வர மாட்டாங்க. பிள்ளைங்களுக்கு ஸ்கூல் திறந்திடும்னா இது சரிப்படாது, அது உங்களுக்கு தான் தெரியும். ரெண்டுமே வேண்டாம்னா முழு ரீஃபண்ட் போட்டு விட்டுடுறேன், ஒரு வார்த்தை ஏன்னு கேக்க மாட்டேன். என்னை கேட்டா அம்மாவுக்காக அட்டுவம்பட்டி வீட்டையே எடுங்கன்னு சொல்லுவேன்.

நாளைக்கு சாயந்தரம் 6 மணி வரைக்கும் அந்த வீட்டை உங்களுக்காக பிடிச்சு வச்சிருப்பாங்க. நடுவுல எப்ப வேணா கூப்பிடுங்க, திட்டணும்னாலும் கூப்பிடுங்க, எடுப்பேன்.

ஸ்டெல்லா

—

ஏனுங்க மேடம், இப்பதான் பாத்தேன். மத்தியானம் கம்பெனில டெஸ்பாட்ச் டைம், ஃபோன் எடுக்க முடியலைங்க. படிச்சதும் கோவம் வந்துதுங்க, பொய் சொல்லல, வேன் பேசி அட்வான்ஸ் குடுத்து, தங்கச்சி குடும்பம் ஈரோட்ல இருந்து லீவ் சொல்லிட்டு ரெடியா இருக்காங்க. ஜூன் எல்லாம் ஆகாதுங்க. போட்டோ வீட்ல காட்டினேன், அம்மாவுக்கு படி இல்லன்னதும் புடிச்சு போச்சு, பசங்க தான் கேம்ப் ஃபயர் இல்லையான்னு மூஞ்சிய தூக்கி வச்சிருக்காங்க. எனக்கு ரெண்டு சந்தேகம். ஒண்ணு, இந்த வீட்டுக்காரம்மாவும் கடைசி நேரத்துல வேற ஆளுக்கு குடுத்துட்டா நாங்க எங்க போறது. ரெண்டு, இ-பாஸ் நேத்தே எடுத்துட்டேன், தங்குற இடம் உங்க வீடுன்னு போட்டிருக்கேன், அது பிரச்சனை ஆகுமா.

—

அண்ணா, நீங்க கோவப்பட்டது நியாயம் தான், இவ்வளவு பொறுமையா பதில் போட்டதே பெருசு.

முதல் சந்தேகம். அந்த அக்கா தேதி, ரூம் எண்ணிக்கை, தொகை எல்லாம் எழுதி எனக்கு வாட்ஸ்அப்ல உறுதி பண்ணியிருக்காங்க, அதை அப்படியே உங்களுக்கு ஃபார்வர்ட் பண்ணிட்டேன், அவங்க கான்டாக்ட்டும் அனுப்பியிருக்கேன். என்னை நம்பி மட்டும் இருக்க வேண்டாம், நீங்களே ஒரு தடவை பேசிடுங்க, சாயந்தரம் 5 மணிக்கு மேல எடுப்பாங்க, அதுக்கு முன்னாடி தோட்டத்துல இருப்பாங்க, சிக்னல் கிடைக்காது. அவங்க ஆப் எதுலயும் வீட்டை போடல, நேரா சொல்றவங்களுக்கு மட்டும் தான் குடுக்குறாங்க, அதனால எங்களுக்கு நடந்த கூத்து அங்க நடக்க வழி இல்ல. அதையும் மீறி ஏதாவது ஆச்சுன்னா டவுன்ல ஹோட்டல் ரூம் போட்டு குடுக்குறது என் பொறுப்பு, அன்னைக்கு சீசன் ரேட் எவ்வளவா இருந்தாலும் 19,000க்கு மேல போறது நான் குடுக்குறேன். இந்த மெசேஜையே வச்சுக்கோங்க.

இ-பாஸ் பத்தி பயப்பட வேண்டாம்னு நெனைக்கிறேன், வண்டி நம்பரும் வர்ற தேதியும் மாறல, அதை தான் செக்போஸ்ட்ல பாப்பாங்க. ஆனாலும் மனசுக்கு இடறுச்சுன்னா epass.tnega.org போய் அட்டுவம்பட்டி அட்ரஸ் போட்டு புதுசா ஒண்ணு எடுத்துக்கோங்க, காசு கிடையாது. வேன்காரர் கடைசி நேரத்துல வண்டியை மாத்துனா மட்டும் கட்டாயம் புதுசு எடுக்கணும், அதை அவர் கிட்ட இப்பவே சொல்லி வைங்க.

பசங்களுக்கு கேம்ப் ஃபயர் தான வேணும், சனிக்கிழமை ராத்திரி எங்க வீட்டுல இருக்குற குடும்பம் போடுறாங்க, அவங்களை போய் தொந்தரவு பண்ண முடியாது. ஆனா எங்க சமையல்கட்டு பின்னாடி விறகடுப்பு இருக்கு, மழை இல்லன்னா வெள்ளிக்கிழமை சாயந்தரம் பசங்களை மட்டும் கூட்டிட்டு வாங்க, சோளம் சுட்டு தர்றேன், 9 மணிக்குள்ள அனுப்பிடுறேன்.

—

ஓகேங்க மேடம், அந்தம்மா கிட்ட பேசிட்டேன், நல்லா பேசினாங்க. அட்டுவம்பட்டியே இருக்கட்டும். நீங்க கேன்சல் போட்ருங்க.

—

போட்டுட்டேன் அண்ணா, இப்ப 7.40க்கு. ஆப்ல இருந்து உங்களுக்கு மெயில் வரும், 21,400 முழுசா காட்டுதான்னு பாருங்க, குறைஞ்சு இருந்தா ஸ்க்ரீன்ஷாட் எடுத்து அனுப்புங்க, நான் அவங்க கிட்ட சண்டை போடுறேன். பேங்க்ல ஏற ஒரு வாரம் வரைக்கும் ஆகலாம், மே 8 வெள்ளிக்கிழமை நானே கூப்பிட்டு வந்துச்சான்னு கேக்குறேன்.

ஒரே இடத்துல இருக்கட்டும்னு திரும்ப எழுதுறேன்: மே 22 வெள்ளி மதியம் 1 மணியில இருந்து ரூம் ரெடி, 24 ஞாயிறு காலை 11 மணிக்கு காலி பண்ணணும், ஒன்பது பேர் பிளஸ் டிரைவர், மூணு ரூம், மொத்தம் 19,000, வந்த பிறகு அந்த அக்கா கிட்ட நேரா குடுங்க. 23, 24 காலை டிபன், 23 ராத்திரி சாப்பாடு எங்க பொறுப்பு. அம்மாவுக்கு சர்க்கரை இருந்தா சொல்லிடுங்க, சப்பாத்தி போட்டுடுவோம்.

திருப்பூர்ல இருந்து பழனி ரோட்டுல தான வருவீங்க, பெருமாள்மலையில வந்து வத்தலகுண்டு ரோட்டுல சேருவீங்க, அங்க நின்னு ஒரு கால் பண்ணுங்க, டவுனுக்குள்ள அன்னைக்கு எந்த பக்கம் டிராஃபிக் திருப்பி விடுறாங்கன்னு பாத்து வழி சொல்றேன். குடிதண்ணி அந்த வீட்டுல ஆர்ஓ இருக்கு, சின்ன பிளாஸ்டிக் தண்ணி பாட்டில் எதுவும் வண்டியில வைக்க வேண்டாம், இங்க தடை, செக் பண்ணா அபராதம் போடுவாங்க, வீட்டுல இருக்குற சில்வர் பாட்டிலே எடுத்துட்டு வாங்க. சாயந்தரம் குளிரும், அம்மாவுக்கு சாக்ஸும் ஸ்வெட்டரும் பெட்டிக்குள்ள அமுக்கி வைக்காம கையில வச்சுக்கோங்க. 21ஆம் தேதி ராத்திரி லொகேஷன் அனுப்புறேன், டிரைவர் நம்பரை எனக்கும் ஒண்ணு தட்டி விடுங்க.