ஊரில் வறுத்த தூள், ஸ்காபரோவில்
(மளிகைக் கடைக் காணொளி விளம்பரத்துக்கான உரை)

காட்சி: கொக்குவிலில் ஒரு வீட்டுக் குசினி. விறகடுப்பில் வைத்த தாச்சியில் ஓர் அம்மா செத்தல் மிளகாயை வறுக்கிறார். நெடி ஏற, சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு, கை ஓயாமல் கிண்டுகிறார்.

கடைக்காரர் குரல்:
நாட்டை விட்டுப் புறப்பட்ட நாளில் நம்மில் அநேகருடைய பெட்டிக்குள் அம்மா வைத்துவிட்ட பொதி ஒன்று இருந்தது. மூன்று பைகளுக்குள் போட்டு, வாயை நூலால் இறுக்கிக் கட்டி, பழைய துவாயால் சுற்றியிருந்தும், கனடாவில் பெட்டியைத் திறந்தபோது உடுப்பெல்லாம் கறித்தூள் மணத்தது. அந்தத் தூள் முடிந்த பிறகு இங்கே கிடைத்த தூளில் கறி வைத்தோம்; நிறம் இருந்தது, உறைப்பும் இருந்தது, வீட்டுக் கறியின் வாசம் மட்டும் வரவில்லை.

காட்சி: சுளகில் மல்லி கொட்டப்படுகிறது. பக்கத்தில் சிறு கிண்ணங்களில் பெருஞ்சீரகம், நற்சீரகம், மிளகு, வெந்தயம். ஒரு பிடி கறிவேப்பிலை.

கடைக்காரர் குரல்:
யாழ்ப்பாணத்துத் தூளின் குணம் வறுப்பில் இருக்கிறது. மல்லி பொன்னிறமாகி மணக்கும் வரை காத்திருந்தால் அதனுடன் போட்ட வெந்தயம் கருகிவிடும். வெந்தயம் கருகினால் தூள் முழுவதும் கசக்கும். அதனால்தான் நம் வீடுகளில் ஒவ்வொன்றையும் தனித்தனியாக, அதனதன் பதத்துக்கு வறுத்து, ஆறவிட்டு, பிறகே இடித்தார்கள். எங்கள் கடைக்குத் தூள் வறுப்பவர்கள் கொக்குவிலில் ஒரே ஒழுங்கையில் வசிக்கும் நான்கு பெண்கள். அவர்கள் வறுத்ததை அயலில் உள்ள மில்லில் திரித்து, பொதி செய்து, திரித்த திகதியை ஒவ்வொரு பொதியிலும் கையால் எழுதி, மாதம் ஒரு தடவை விமானத்தில் அனுப்புகிறார்கள். மூன்று மாதத்துக்கு மேற்பட்ட பொதியை நாங்கள் தட்டில் வைப்பதில்லை, ஏனென்றால் மணம் போன தூளை விற்றால் அந்த நால்வரின் உழைப்பையும் நாங்களே கெடுத்தவர்களாவோம்.

காட்சி: ஸ்காபரோ. கடைக் கதவுக்கு வெளியே பனி கொட்டுகிறது. உள்ளே ஒரு முதியவர் புழுக்கொடியலை முறித்துப் பார்த்து, அருகில் நிற்கும் பேரனிடம் ஒரு துண்டை நீட்டுகிறார்.

கடைக்காரர் குரல்:
பருத்தித்துறை வடை, வேப்பம்பூ வடகம், மோர்மிளகாய், வறுத்த சிவப்பரிசி மா, நல்லெண்ணெய், கருவாடு, குட்டானில் வார்த்த பனங்கட்டி ஆகிய அனைத்தும் எங்களிடம் உண்டு. ஒடியல் மாவைப் பற்றி மட்டும் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல விரும்புகிறோம். பழைய மாவில் காய்ச்சிய கூழை ஒரு வாயோடு வைத்துவிட்ட அனுபவம் எங்கள் குடும்பத்துக்கே உண்டு. புதிதாக இடித்த மாவைத் தண்ணீரில் ஊறவிட்டு, மேலே தெளிந்த நீரை வடித்துக் கசப்பை நீக்கி, மீனும் நண்டும் இறாலும் பயிற்றங்காயும் பலாக்கொட்டையும் சேர்த்துக் காய்ச்சினால், ஊரில் பிலாவிலையைக் கோலி வாங்கிக் குடித்த அதே கூழை இந்தக் குளிரிலும் குடிக்கலாம்.

கறுத்தக்கொழும்பான் மாம்பழம் எப்போது வரும் என்று கேட்காத வாடிக்கையாளர் இல்லை. நல்ல பதத்தில் அதை இங்கே கொண்டுவந்து சேர்க்க எங்களால் இன்னும் முடியவில்லை. ஆகவே வேறொரு மாம்பழத்தை அந்தப் பெயரில் நாங்கள் விற்பதுமில்லை.

காட்சி: கோடை வெயில். கடை வாசலில் பனங்கட்டிக் குட்டான்கள் அடுக்கப்பட்டிருக்கின்றன.

கடைக்காரர் குரல்:
யூலை 17 ஆடிப்பிறப்பு. கூழுக்கும் கொழுக்கட்டைக்கும் வேண்டிய பச்சையரிசி மா, வறுத்த பயறு, பனங்கட்டி, தேங்காய், ஏலக்காய் ஆகியவற்றை ஒரு வீட்டுக்கு அளவான பொதியாகக் கட்டி, யூலை 10 முதல் தருகிறோம். மார்க்கம் வீதியும் எல்ஸ்மியர் வீதியும் சந்திக்கும் இடத்துக்கு அருகில், எல்லோரும் 'யாழ்ப்பாணக் கடை' என்று அழைக்கும் எங்கள் கடை, கிழமையில் ஏழு நாளும் காலை 9 மணி முதல் இரவு 9 மணி வரை திறந்திருக்கும். பனங்கட்டி அளவாகவே வருவதால் முன்கூட்டியே சொல்லி வைப்பது நல்லது.

காட்சி: அடுக்குமாடி வீட்டுக் குசினி. இளம்பெண் ஒருத்தி கூழைத் துழாவுகிறாள். அருகில் சாய்த்து வைத்த கைபேசியின் திரையில், முதற் காட்சியில் கண்ட அம்மா.

அம்மா:
தேங்காய்ப்பால் விட்ட பிறகு கனநேரம் கொதிக்க விடாதே, பிள்ளை. பனங்கட்டி கரைந்ததும் இறக்கிவிடு.