ராமநாதபுரம் – ராமேஸ்வரம் பஸ் நேரம், அட்டவணையாக

அக்கா, நீங்க ஒட்டி அனுப்பியது இதுதான், ஒப்பிட்டுப் பார்க்க அப்படியே வைக்கிறேன்:

> ராம்நாடு 5.15 உச்சிப்புளி 5.45 மண்டபம் 6.05 பாம்பன் 6.20 தங்கச்சிமடம் 6.30 ராமேஸ்வரம் 6.45 / 9.40 எக்ஸ்பிரஸ் மண்ட 10.25 பாம் 10.40 ராமே 11.00 / 1.20 உச்சி 1.50 மண்ட 2.10 பாம் 2.52 தங் 2.35 ராமே 2.50 / 6.30 உச்சி 7.00 மண்ட 7.20 பாம் 7.35 தங் 7.45 ராமே 8.00 வெள்ளி இல்லை

சாய்கோடு வரும் இடத்தில் ஒரு நடை முடிகிறது, அதை வைத்து நாலு நடையாகப் பிரித்தேன்.

| நிறுத்தம் | 1-வது நடை (காலை) | 2-வது நடை, எக்ஸ்பிரஸ் (காலை) | 3-வது நடை (மதியம்) | 4-வது நடை (மாலை, வெள்ளி கிடையாது) |
|---|---|---|---|---|
| ராமநாதபுரம் | 5.15 | 9.40 | 1.20 | 6.30 |
| உச்சிப்புளி | 5.45 | நிற்காது | 1.50 | 7.00 |
| மண்டபம் | 6.05 | 10.25 | 2.10 | 7.20 |
| பாம்பன் | 6.20 | 10.40 | 2.25? | 7.35 |
| தங்கச்சிமடம் | 6.30 | நிற்காது | 2.35 | 7.45 |
| ராமேஸ்வரம் (சேரும் நேரம்) | 6.45 | 11.00 | 2.50 | 8.00 |

கேள்விக்குறி போட்ட இடத்தைப் பாருங்க. உங்க தாளில் பாம்பன் 2.52 என்று இருக்கு, ஆனால் அடுத்த ஊரான தங்கச்சிமடத்துக்கு 2.35-க்கே வந்துவிடுகிறது, பாலத்தைத் தாண்டி வந்த வண்டி நேரத்தில் பின்னால் போக முடியாது. மற்ற மூணு நடையிலும் மண்டபத்திலிருந்து பாம்பனுக்கு 15 நிமிஷம், நின்று போகும் வண்டிகளில் பாம்பனிலிருந்து தங்கச்சிமடத்துக்கு 10 நிமிஷம். அந்தக் கணக்குக்கு 2.25 அச்சாகப் பொருந்துகிறது, யாரோ தட்டச்சு செய்யும்போது 2-ம் 5-ம் இடம் மாறியிருக்கு. இருந்தாலும் ஊகம் ஊகம்தான், அதனால்தான் கேள்விக்குறியை எடுக்கவில்லை.

எக்ஸ்பிரஸ் நடையில் வெற்றுக்கட்டம் விடாமல் "நிற்காது" என்று எழுதியதும் வேணும் என்றுதான். வெற்றாக விட்டால் நேரம் எழுத மறந்துட்டாங்க போல என்று நினைத்து உச்சிப்புளியில் யாராவது வெயிலில் நிற்பார்கள். ராம்நாடு ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டுத் தங்கச்சிமடம் திரும்பும் நம்ம ஆட்களிடமும் சொல்லிடுங்க, எக்ஸ்பிரஸில் ஏறினால் பாம்பனிலேயே இறங்கி வேறு வண்டி பிடிக்கணும்.

காலை, மாலை என்பது உங்க தாளில் எங்கேயும் இல்லை, வரிசையைப் பார்த்து நான் சேர்த்தது. 6.30 இரண்டு தடவை வருவதால் அது இல்லாமல் விடவே முடியாது: ஒன்று காலையில் தங்கச்சிமடம், இன்னொன்று மாலையில் ராமநாதபுரம். "வெள்ளி இல்லை" கடைசி நடையோடு ஒட்டியிருந்தது, அதனால் அதற்கு மட்டும்தான் போட்டிருக்கேன். எல்லா நடைக்கும் சேர்த்துச் சொன்னதா என்று கண்டக்டரிடம் கேளுங்க. அப்படியே பாம்பன் 2.25-ஐயும் கேட்டுட்டு, அப்புறம் டீக்கடைச் சுவரில் ஒட்டுங்க.